ஒன்றரை நிமிடத்தில் ஒரு பேச்சாளரை அறிமுகம் செய்வது எப்படி?

முதன்முதலாக ஒரு சிறப்புப் பேச்சாளரை அறிமுகம் செய்ய என்னை மேடையேற்றியபோது நான் எடுத்துக்கொண்ட நேரம் ஏழு நிமிடம். "நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகச் சொல்கிறேன்" என்றுதான் ஆரம்பித்தேன். இணையத்தில் கிடைத்த அவருடைய தன்விவரக் குறிப்பை அப்படியே அச்செடுத்து வைத்திருந்தேன். அது நான்கு வருடப் பழையது என்பதைப் பார்க்கவில்லை. அவர் விட்டு விலகிய பதவியை இன்னும் வகிப்பதாகச் சொன்னேன். பதினொரு விருதுகளை வரிசையாக வாசித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு பேட்டியில் படித்திருந்த கதை ஒன்றை, அவருடைய முதல் ஆய்வுக் குறிப்பேடு தண்ணீரில் விழுந்து நாசமான கதையை, ரசித்து ரசித்துச் சொன்னேன்.

அவர் ஒலிவாங்கிக்கு வந்தார். "நண்பர் சொன்னதில் மூன்று திருத்தங்கள்" என்று சிரித்துக்கொண்டே தொடங்கினார். திருத்தி முடித்துவிட்டு முதல் படவில்லையைத் திரையில் போட்டார். மை கரைந்து ஊறிப்போன ஒரு குறிப்பேட்டின் படம். ஒரு நொடி அதையே பார்த்தார். "இந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள்" என்று அடுத்த படவில்லைக்குப் போய்விட்டார். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். நான் கடைசி வரிசையில் காலி நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நேரம் போதாமல் அவர் பேச்சின் முடிவுப் பகுதியை வெட்ட வேண்டிவந்தது. நான் தின்ற ஐந்து நிமிடம்தான் அது.

அதற்குப் பிறகு முப்பது பேருக்கு மேல் அறிமுகம் செய்துவிட்டேன். உங்களை யாராவது "நீங்களே அறிமுகம் பண்ணிடுங்க" என்று சொல்லியிருந்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள். இதற்கு ஆகும் செலவு இரண்டு தாளும் சுமார் இரண்டு மணி நேரமும்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் செலவழிக்க முடியாது. பாதி நேரம் மற்றவர் பதிலுக்காகக் காத்திருப்பதிலேயே போய்விடும். அதனால் நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பாவது தொடங்குங்கள்.

1. பேச்சாளரிடமே கேளுங்கள் (பத்து நாள் முன்)

வழக்கமாக நடப்பது என்ன? அமைப்பாளர் பேச்சாளரிடம் "உங்க பயோடேட்டா அனுப்புங்க" என்பார். அவர் வேலைக்கோ நிதியுதவிக்கோ எழுதி வைத்த நான்கு பக்கத்தை அனுப்புவார். அதை அமைப்பாளர் அப்படியே உங்களுக்குத் தள்ளிவிடுவார். யாருக்காகவோ, எதற்காகவோ எழுதிய தாள் அது. அது கையில் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி எழுத உட்காராதீர்கள்.

பேச்சாளருக்கு நேரடியாக ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். அமைப்பாளர் வழியாகப் போனால் கேள்விகள் சுருங்கிவிடும். நான் அனுப்புவது இவ்வளவுதான்:

"வணக்கம். உங்கள் உரைக்கு முன் ஒன்றரை நிமிடம் உங்களை அறிமுகம் செய்யப்போவது நான். ஐந்து சந்தேகங்கள். உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று குரல்பதிவாக அனுப்ப முடியுமா? பெயருக்கு முன் என்ன அடைமொழி போடட்டும்? இப்போதைய பொறுப்பு என்ன? பேச்சை எதிலிருந்து தொடங்கப்போகிறீர்கள்? அதை நான் தொடாமல் இருப்பேன். நான் சொல்லக்கூடாது என்று நினைக்கும் விவரம் ஏதாவது உண்டா?"

நான்காவது கேள்விதான் எனக்கு அந்தக் குறிப்பேடு கற்றுத்தந்தது. பேச்சாளர்கள் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நிம்மதி அடைவதைக் கவனித்திருக்கிறேன். இதற்கு முன் யாரிடமோ அடிபட்டிருப்பார்கள் போல. ஐந்தாவது கேள்விக்குப் பெரும்பாலும் "அப்படி எதுவும் இல்லை" என்றுதான் பதில் வரும். ஆனால் "நான் அந்த நிறுவனத்திலிருந்து வெளியே வந்த விஷயத்தைப் பேச வேண்டாம்" என்று ஒருவர் எழுதினார். கேட்டிருக்காவிட்டால் நான் நிச்சயம் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்று நாளில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

2. குறிப்பில் உள்ளதைச் சரிபாருங்கள் (ஒரு வாரம் முன்)

பேச்சாளரே அனுப்பிய குறிப்பில் தவறு இருக்குமா? இருக்கும். பெரும்பாலும் அவர் எழுதியிருக்க மாட்டார். உதவியாளரோ, முன்பு அவரை அழைத்த வேறு அமைப்போ எழுதியிருக்கும். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் ஊதிப் பெருக்கியிருக்கும். "பேராசிரியர்" என்பது "துறைத்தலைவர்" ஆகும், "உறுப்பினர்" என்பது "நிறுவனர்" ஆகும். மேடையில் அதை வாசிக்கும்போது பொய் உங்கள் வாயிலிருந்துதான் வருகிறது. வந்திருப்பவர்களில் உண்மை தெரிந்த ஒருவர் இருந்தால் பேச்சாளர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார் என்று நினைத்துக்கொள்வார்.

எல்லாவற்றையும் சரிபார்க்கத் தேவையில்லை. நீங்கள் மேடையில் சொல்லப்போகும் மூன்று நான்கு தகவல்களைச் சரிபார்த்தால் போதும். நான் அதிகம் தடுக்கி விழுந்த இடங்கள் இவை.

முதலில் பட்டம். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. முனைவர் என்றால் ஆய்வுப் பட்டம் பெற்றவர், மருத்துவர் என்றால் வைத்தியம் பார்ப்பவர். "டாக்டர்" என்று பொதுவாகச் சொன்னால் கேட்பவர் குழம்புவார். ஒருமுறை உணவுப் பழக்கம் பற்றிய கூட்டத்தில் மானுடவியல் ஆய்வாளர் ஒருவரை "டாக்டர்" என்று அறிமுகம் செய்துவிட்டேன். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து தன் சர்க்கரை அளவைச் சொல்லி மருந்து கேட்டார். மதிப்புறு முனைவர் பட்டம் வேறு. அது ஒருவரைக் கௌரவிக்கத் தருவது, ஆய்வேடு எழுதி வாங்குவது அல்ல. அதைப் பெற்றவர்கள் பெயருக்கு முன் "முனைவர்" போடாமல் இருப்பதே பொதுவான மரபு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர் இன்னும் முனைவர் அல்ல. அவரே கூச்சப்பட்டுத் திருத்துவார், அதைவிட நீங்கள் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து விருதுகள். "நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்" என்று குறிப்பில் இருந்தால் அந்த வரியை அப்போதே அடித்துவிடுங்கள். நோபல் பரிந்துரைகளை 50 ஆண்டுகளுக்கு வெளியிடக்கூடாது என்பது விதி. அதனால் சமீப ஆண்டுப் பரிந்துரையை உங்களால் சரிபார்க்கவே முடியாது. "நோபல் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர்" என்பது இன்னொரு கண்ணிவெடி. 2007ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசில் ஒரு பங்கு ஐ.பி.சி.சி. என்ற காலநிலைக் குழுவுக்குக் கிடைத்தது. அதன் அறிக்கைகளை எழுத உதவிய விஞ்ஞானிகள் நிறையப் பேர். அவர்களில் சிலரை நோபல் பரிசாளர் என்றே மேடைகளில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பரிசு அமைப்புக்குத்தான், அதில் பணியாற்றிய தனிநபர்களை அப்படி அழைப்பது சரியல்ல என்று அந்தக் குழுவே 2012இல் அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. புலிட்சர் பரிசிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே விதிகளுக்கு உட்பட்ட படைப்பைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை மட்டும்தான் பரிந்துரைக்கப்பட்டவர்கள் என்று அந்தப் பரிசுக் குழு ஏற்கிறது. ஆகவே "பெற்றார்", "இறுதிச் சுற்றுக்கு வந்தார்", "அனுப்பினார்" மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். எந்த விருதானாலும் அதை வழங்கிய அமைப்பின் இணையதளத்தில் அந்த ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது, அதே பெயரில் இன்னொருவர். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. தேடுபொறியில் பெயரைப் போட்டால் வரும் நூல் வேறு யாரோ எழுதியதாக இருக்கலாம். ஆய்வாளர் என்றால் ஆர்கிட் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். 16 இலக்கம் கொண்ட அந்த அடையாள எண்ணின் நோக்கமே ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டுவதுதான். அந்தப் பக்கத்தில் இருக்கும் கட்டுரைகளை மட்டும் அவருடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் என்றால், "இந்த நூல் உங்களுடையதுதானே?" என்று கேட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

3. எழுதுங்கள், அப்புறம் வெட்டுங்கள் (ஐந்து நாள் முன்)

கையில் நான்கு பக்கக் குறிப்பு, பேச்சாளரின் பதில், சரிபார்த்த தகவல்கள் எல்லாம் இருக்கின்றன. இதிலிருந்து 80 முதல் 100 சொற்களுக்குள் ஓர் அறிமுகம் வர வேண்டும். நான் நிதானமாக வாசித்தால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம். சத்தமாக வாசித்து, கைப்பேசிக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மனத்துக்குள் வாசித்து நேரம் பார்த்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

ஒரு நிஜ உதாரணம் சொல்கிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர், பெண். கட்டடங்களில் வரும் விரிசல்களைப் பற்றிப் பேச வந்தார். கேட்க வந்தவர்கள் பொறியாளர்கள் அல்ல, சாதாரண வீட்டுக்காரர்கள். அவர் அனுப்பிய குறிப்பில் இருந்தவை: எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, இரண்டு முதுகலைப் பட்டங்கள், வேலை பார்த்த ஐந்து நிறுவனங்கள், 40 ஆய்வுக் கட்டுரைகள், எட்டு விருதுகள், மூன்று குழுக்களில் உறுப்பினர் பதவி, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஆய்வு செய்தவர் என்ற வரி, அப்புறம் கணவர் பெயர், பிள்ளைகள், பொழுதுபோக்கு.

ஒவ்வொரு வரியிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இன்றைய தலைப்பில் இவர் சொல்வதை நம்ப இது உதவுமா? பள்ளியும் கல்லூரியும் உதவாது, போகட்டும். 40 கட்டுரைகள் இன்னொரு பொறியாளருக்குப் பெரிய விஷயம், வீட்டுக்காரருக்கு அது வெறும் எண். எட்டு விருதுகளில் ஒன்றுகூட வந்திருப்பவர்கள் கேள்விப்பட்டதாக இருக்காது. குடும்ப விவரம் இந்தத் தலைப்புக்கு எதற்கு? ஆண் பொறியாளர் வந்திருந்தால் மனைவி பெயரைச் சொல்லியிருப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன், மாட்டேன். அடித்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது அந்த நூறு கட்டடங்கள் வரி. அதுதான் தங்கம். அதைத்தான் சரிபார்க்கவும் வேண்டும். கேட்டேன். "நான் குழுவோடு போனதையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். நானே பார்த்து, நானே கையெழுத்துப் போட்டு அறிக்கை கொடுத்தது 60தான்" என்றார். எனக்கு அறுபதுதான் பிடித்திருந்தது. நூற்றுக்கும் மேல் என்பதை எல்லாரும் சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட அறுபது என்றால் அது ஒரு மனிதரின் வேலையாகத் தெரிகிறது.

கடைசியில் மேடையில் சொன்னது இது:

"உங்கள் வீட்டில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு மட்டும் வெடித்திருக்கிறதா, இல்லை அடித்தளமே இறங்குகிறதா? முதலாவது என்றால் ஒரு கொத்தனார் போதும். இரண்டாவது என்றால் போதாது. நம்மில் பலருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நம் பேச்சாளர் 22 ஆண்டுகளாக அந்த வேலையைத்தான் செய்கிறார். கட்டமைப்புப் பொறியாளர். விரிசல் விட்ட 60 கட்டடங்களைத் தாமே ஆய்ந்து, தம் கையெழுத்தோடு அறிக்கை கொடுத்தவர். சில வீடுகளை உடனே காலி செய்யச் சொல்லியிருக்கிறார். பயந்துபோயிருந்த பல குடும்பங்களிடம் 'ஒன்றுமில்லை, பூசிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்' என்றும் சொல்லியிருக்கிறார்.

'விரிசலைப் படிப்பது எப்படி' என்ற தலைப்பில் நம்மிடம் பேச வருகிறார், பொறியாளர்..."

அதன் பிறகு பெயர். பெயரோடு முடிந்தது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதல் பத்தி கேட்பவரின் பிரச்சினை, பேச்சாளரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. கேள்வியை மட்டும் கேட்கிறது, விடையைச் சொல்லவில்லை. சாய்வான விரிசலைப் பார்த்து எப்படித் தீர்மானிப்பது என்று இணையத்தில் படித்ததை நான் இரண்டு வரி சேர்த்திருந்தால், அவருடைய படவில்லை ஒன்றைத் திருடியிருப்பேன். அதுவும் அரைகுறையாக. இரண்டாம் பத்தி அந்தப் பிரச்சினையைப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சொல்கிறது. மூன்றாவது தலைப்பும் பெயரும். பெயர் கடைசிச் சொல்லாக வருவது அழகுக்காக அல்ல. பெயரைக் கேட்டதும் கூட்டம் கைதட்டும். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் எப்போது தட்டுவது என்று தெரியாமல் அங்கங்கே நாலு பேர் தட்டுவார்கள், பேச்சாளர் பாதி எழுந்து மறுபடி உட்காருவார்.

வெட்டும்போது "நான்" என்ற சொல் எங்கே வருகிறது என்றும் தேடுங்கள். "இவரை நான் முதன்முதலில் சந்தித்தது..." என்று ஆரம்பித்தால் அது உங்கள் கதை. "எனக்கும் இவருக்கும் நீண்ட கால நட்பு" என்பதும் அப்படியே. அந்த நட்பு மேடைக்குப் பின்னால் இருக்கட்டும்.

புகழ்ச்சிச் சொற்கள் பற்றி ஒரு வார்த்தை. "பன்முக ஆளுமை", "அறிமுகமே தேவையில்லாதவர்", "தன் பேச்சால் கட்டிப்போடுபவர்" போன்றவை யாருக்கும் பொருந்தும். அதனால் இவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அறிமுகமே தேவையில்லை என்றால் நீங்கள் எதற்கு அங்கே நிற்கிறீர்கள் என்ற கேள்வியும் வரும். கடைசியாகச் சொன்னது இன்னும் மோசம். "வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பார்" என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் கடனை அடைக்க வேண்டியவர் அவர். முதல் நகைச்சுவை சறுக்கினால் கூட்டம் அவரை ஏற இறங்கப் பார்க்கும்.

4. எழுதியதை அவருக்கு அனுப்புங்கள் (மூன்று நாள் முன்)

இது சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது. "ஆச்சரியமாக இருக்கட்டுமே" என்கிறார்கள். பேச்சாளருக்கு மேடையில் ஆச்சரியம் தேவையில்லை. முழு வாசகத்தையும் அனுப்பி, "தவறு இருந்தால் திருத்துங்கள், நாளை மாலைக்குள் சொன்னால் போதும்" என்று எழுதுங்கள். கெடு வைக்காவிட்டால் பதில் மேடையேறும் நேரத்தில் வரும்.

திருத்தம் வரும்போது ஒரு பொறி உண்டு. சிலர் வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்க்கச் சொல்வார்கள். தவறான தகவலைத் திருத்தினால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு விருதைச் சேர்க்கச் சொன்னால், "ஒன்றரை நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், எதை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கட்டும்?" என்று கேளுங்கள். முடிவை அவரிடமே விடுங்கள். பெரும்பாலும் "சரி, இருக்கட்டும்" என்றுதான் வரும். முழுக் குறிப்பையும் அழைப்பிதழிலோ நிகழ்ச்சி நிரலிலோ அச்சிட்டுத் தரச் சொல்லலாம். அதற்கான இடம் அதுதான்.

5. பெயரைச் சொல்லிப் பழகுங்கள் (இரண்டு நாள் முன்)

அறிமுகத்தில் நீங்கள் எதைத் தவறாகச் சொன்னாலும் மன்னிப்புண்டு. பெயரைத் தவறாகச் சொன்னால் அவ்வளவுதான்.

தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. நம் எழுத்தில் ஒரே "க" மூன்று நான்கு ஒலிக்கு நிற்கும், "ப", "த", "ட" எல்லாம் அப்படித்தான். பழகிய பெயர் என்றால் நாக்கு தானாகச் சரிசெய்துகொள்ளும். பழகாத பெயர் என்றால் தாளைப் பார்த்ததும் திணறும். "பாலி" என்று எழுதியிருக்கிறது, உதட்டை அழுத்திச் சொல்வதா மென்மையாகச் சொல்வதா? மேடையில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது. அதனால்தான் முதல் படியிலேயே குரல்பதிவு கேட்கச் சொன்னேன். அதைப் போட்டுக் கேட்டு, பின்னாலேயே நீங்களும் சொல்லிப் பாருங்கள். பத்து முறை. அப்புறம் உங்கள் குரலைப் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

தலைப்பெழுத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். "சு." என்று தாளில் இருப்பதைச் "சு" என்றே சொல்வதா, "எஸ்" என்றா? சிலர் தமிழ்த் தலைப்பெழுத்தைக் கொள்கையாகவே வைத்திருப்பார்கள். சிலர் எல்லா இடத்திலும் ஆங்கில எழுத்தில்தான் அறியப்பட்டிருப்பார்கள், நீங்கள் தமிழாக்கிச் சொன்னால் வேறு யாரோ என்று கூட்டம் நினைக்கும். "திருமதி", "செல்வி" இரண்டையும் நீங்களாக ஊகித்துப் போடாதீர்கள். தொழிற்பெயர் இருந்தால் அதையே முன்னால் போடுங்கள்: பொறியாளர், வழக்கறிஞர், பேராசிரியர். பிரச்சினையே வராது.

மேடைக்கு எடுத்துப்போகும் அறிமுக அட்டையில் பெயரை மற்ற வரிகளைவிட இரு மடங்கு பெரிதாக, தனி வரியில் எழுதுங்கள். நன்றாகத் தெரிந்த நண்பரின் பெயரையே மறந்தவன் நான். மேடை வெளிச்சம் அப்படிச் செய்யும்.

6. மேடையில்

அரைமணி நேரம் முன்பே போய்விடுங்கள். பேச்சாளர் வந்ததும் உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு பெயரை ஒருமுறை அவர் முன்னால் சொல்லிக் காட்டுங்கள். "சரிதானே?" என்று கேளுங்கள். அவர் எங்கே உட்காருவார், எந்தப் பக்கமாக மேடையேறுவார் என்று பாருங்கள். ஏனென்றால் அறிமுகம் முடிந்ததும் நீங்கள் மறுபக்கமாகத்தான் இறங்க வேண்டும். இதை யோசிக்காமல் இருவரும் ஒரே படிக்கட்டில் முட்டிக்கொண்டு, நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அட்டையைப் பார்த்து வாசிக்கலாம், தப்பில்லை. ஆனால் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். முதல் வாக்கியத்தைக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பெயரையும் கூட்டத்தைப் பார்த்தே சொல்லுங்கள். பலர் பெயர் வரும்போது பேச்சாளர் பக்கம் திரும்பிவிடுவார்கள். வாய் ஒலிவாங்கியைவிட்டு விலகிவிடும், பெயர் மட்டும் யாருக்கும் கேட்காது. இவ்வளவு பாடுபட்டுப் பழகிய பெயர்! சொல்லி முடித்த பிறகு திரும்புங்கள், நீங்களே முதலில் கைதட்டத் தொடங்குங்கள்.

அவர் ஒலிவாங்கிக்கு வரும்வரை அங்கேயே நில்லுங்கள். காலி மேடைக்கு யாரும் நடந்து வர வேண்டியதில்லை. வந்ததும் ஒரு வணக்கம், ஓர் அடி பின்வாங்கல், மறுபக்கமாக இறங்கல். அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சு மேசையில் விட்டுப் போனால் அவர் தன் குறிப்போடு சேர்த்துப் புரட்டுவார். ஒலிவாங்கியை அணைக்காதீர்கள். உங்கள் உயரத்துக்கு ஏற்றியிருந்தால் பழைய இடத்துக்கு இறக்கிவிடுங்கள்.

இணையவழிக் கூட்டம் என்றால் கடைசிச் சொல்லுக்குப் பின் உடனே உங்கள் ஒலியை நிறுத்துங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சாளரின் ஒலி திறந்திருக்கிறதா என்று வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

7. திட்டம் மாறினால்

பேச்சாளர் தாமதமாக வருகிறார், "அவர் வரும்வரை அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள்" என்று காதில் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். ஒன்றரை நிமிட அறிமுகத்தைப் பதினைந்து நிமிடமாக இழுத்தால் அவர் சொல்ல வைத்திருப்பதையெல்லாம் நீங்கள் சொல்லித் தீர்த்துவிடுவீர்கள். வேறு அறிவிப்புகள் இருந்தால் அவற்றை முன்னால் இழுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எத்தனை நிமிடம் தாமதம் என்று கூட்டத்திடம் உள்ளபடி சொல்லி இடைவேளை விடச் சொல்லுங்கள்.

கடைசி நேரத்தில் வேறொருவர் வந்தால், கையில் உள்ள அட்டையைக் கிழித்துவிட்டு அவரிடம் போங்கள். பெயர், இப்போதைய பொறுப்பு, இந்தத் தலைப்போடு அவருக்கு உள்ள தொடர்பு. மூன்றையும் அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், முப்பது வினாடியில் சொல்லி முடியுங்கள். "வர வேண்டியவர் வராததால்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆள் மாறியதை அமைப்பாளர் முன்பே அறிவித்துவிடட்டும்.

மேடையில் ஒரு தகவலைத் தவறாகச் சொல்லிவிட்டீர்கள், உங்களுக்கே தெரிந்துவிட்டது என்றால் அதே மூச்சில் திருத்துங்கள்: "மன்னிக்கவும், 22 ஆண்டுகள்." அவ்வளவு போதும். அதைச் சமாளிக்க ஒரு நகைச்சுவை சொல்லப் போனால் பேச்சாளரின் நேரத்தை நீங்கள் தின்றுவிடுவீர்கள். பேச்சாளரே பின்னால் திருத்தினால், உட்கார்ந்த இடத்திலிருந்து தலையாட்டுங்கள், எழுந்து விளக்கம் சொல்லாதீர்கள்.

பேச்சு முடிந்ததும் அதைச் சுருக்கிச் சொல்ல ஆசை வரும். அதையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில், நன்றி சொல்லப்போகிறவர் யார் என்று பார்த்து, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே உங்கள் அட்டையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். பெயர் பெரிதாக எழுதியிருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். எப்படி உச்சரிப்பது என்று அவர் காதில் ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள்.